பழைய தஞ்சாவூர்ப் படத்தை விற்கும் முன்: ரசீது, குடும்ப போட்டோ, பிரேம் லேபிள் ஆகியவற்றைச் சேர்த்து விலை பெறும் முறை

பாட்டி வீட்டுப் பூஜை அறையில் ஒரு நவநீத கிருஷ்ணன் படம் இருந்தது. பலகையில் செய்த தஞ்சாவூர்ப் படம். கையில் வெண்ணெய், தலைக்கு மேல் கல் பதித்த வளைவு, இரண்டு பக்கமும் திரைச்சீலை. பாட்டி காலமான பிறகு வீட்டை விற்க வேண்டி வந்தது. எங்கள் பிளாட்டில் அதை மாட்ட இடமில்லை. பழைய பொருள் வாங்கும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "இது இருநூறு வருஷத்துப் படம், பாட்டி சொல்லியிருக்கிறார்" என்றேன். அவர் படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொல்றது சரி சார், காகிதம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் 30,000 ரூபாய் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்து அதே படத்தை வேறொரு சேகரிப்பாளருக்கு 95,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். இடையில் படத்துக்கு ஒரு மெருகும் பூசவில்லை, ஒரு கல்லும் புதிதாகப் பதிக்கவில்லை. ஒரு ரசீது, ஒரு போட்டோ, பிரேமின் பின்னால் ஒட்டிய ஒரு லேபிள், இவை மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. அந்த ஐந்து மாதத்தில் ஒரு மாதத்துக்கு மேல், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் போனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. வீட்டை ஒழிக்கும் முன் காகிதத்தைத் தேடுங்கள்

பொருளை விட்டுவிட்டு முதலில் காகிதத்தைத் தேடுங்கள். வீடு காலி செய்யும்போது பாத்திரம், நகை, மரச்சாமான் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைப்போம். பழைய நோட்டுகளும் கவர்களும் கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். எங்கள் வீட்டிலும் இரண்டு மூட்டை போய்விட்டது. மிஞ்சியது பரணில் இருந்த ஒரு தகரப் பெட்டி மட்டும். தேடிய ரசீது அதில்தான் இருந்தது.

கடை ரசீதை மட்டும் தேடாதீர்கள். தாத்தா எழுதிய வரவு செலவு நோட்டில் "படத்துக்கு அச்சாரம்" என்று ஒரு வரி இருந்தாலும் போதும். கல்யாணச் சீர்வரிசைப் பட்டியலில் "கிருஷ்ணன் படம் 1" என்று இருக்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், இடமாற்றத்தின்போது லாரிக்காரருக்காக எழுதிய சாமான் பட்டியல், கடிதங்கள் என எல்லாவற்றையும் புரட்டுங்கள். கம்பியில் குத்தி வைத்த பழைய பில் கட்டு கிடைத்தால் ஒன்று விடாமல் பாருங்கள்.

கிடைத்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் ரசீதை எடுப்பதற்கு முன் பெட்டியையும் கட்டையும் அப்படியே செல்போனில் படம் எடுத்திருந்தேன். அதே கட்டில் தாத்தா பெயருக்கு வந்த வேறு பில்களும் இருந்தன. வாங்க வந்தவர் இந்த ரசீதைத் தனியாகப் பார்த்தபோது தயங்கினார். அந்தக் கட்டோடு சேர்த்துப் பார்த்ததும் நம்பினார். தனியாக வரும் ஒற்றைக் காகிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் அல்லவா?

2. படத்தின் பின்பக்கத்தை அப்படியே விடுங்கள்

வீட்டில் யாராவது பின்பக்கம் தூசியாக இருக்கிறது என்று ஈரத்துணியை எடுப்பார்கள். தடுத்துவிடுங்கள். பின்பக்கத்தில் ஒட்டிய லேபிள், பென்சில் குறிப்பு, சாக்பீஸ் எண், பழைய ஆணித் துளை எல்லாமே சாட்சிதான். ஜன்னல் ஓரத்தில் சாய்த்து வைத்து, முழுப் பின்பக்கம், நான்கு மூலை, ஒவ்வொரு லேபிளும் கிட்டத்தில் எனப் படம் எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி ஒருமுறை எடுத்தால் அழிந்த பென்சில் கோடும் தெரியும்.

எங்கள் படத்தின் பிரேமில் திருச்சியில் இருந்த ஒரு பிரேம் கடையின் லேபிள் இருந்தது. முகவரியில் பின்கோடு இல்லை. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல் என்பதால் லேபிள் அதற்கு முந்தையது என்று நினைத்தேன். அவசரப்பட்டிருக்கக் கூடாது. கடைக்காரர்கள் பழைய லேபிள் கட்டு தீரும் வரை ஒட்டிக்கொண்டிருப்பார்கள், ஆகவே இது பலமான சான்று இல்லை. லேபிளின் ஓரத்தில் பென்சிலில் "12 ரூ 50 ந.பை." என்று எழுதியிருந்ததுதான் உதவியது. ந.பை. என்றால் நயா பைசா. 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணயம் வந்தபோது அந்தப் பெயர் வந்தது, 1964 ஜூனில் "நயா" கைவிடப்பட்டது. பழக்கத்தில் சில காலம் கூடுதலாக எழுதியிருக்கலாம் என்றாலும், அந்த பிரேம் ஏறக்குறைய 1957க்கும் 1960களின் நடுவுக்கும் இடையில் போட்டது என்று சொல்ல முடிந்தது.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பிரேம் லேபிள் பிரேமின் வயதைத்தான் சொல்லும், படத்தின் வயதைச் சொல்லாது. புதுப் படத்தைப் பழைய பிரேமில் மாட்டி லேபிளைக் காட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். பழைய படத்துக்குப் புது பிரேம் போட்ட எங்களைப் போன்றவர்களும் இருக்கிறார்கள். ஆகவே லேபிளை வைத்துப் படத்தின் காலத்தைச் சொல்லாதீர்கள். அதன் உண்மையான பயன் நான்காவது படியில் வரும்.

லேபிளைத் தண்ணீர் தடவி உரித்து எடுத்து பைலில் வைக்கவே கூடாது. பொருளை விட்டுப் பிரிந்த லேபிளுக்கு மதிப்பில்லை.

3. ரசீதின் தேதியைக் கண்டுபிடியுங்கள்

எங்களுக்குக் கிடைத்தது தஞ்சாவூரில் படம் எழுதுபவர் ஒருவர் கொடுத்த கைரசீது. "தங்கள் உத்தரவுப்படி புதிதாக எழுதிக் கொடுத்த நவநீத கிருஷ்ணன் படம் 1, 2 அடிக்கு 1½ அடி, ரூ. 45-8-0, அச்சாரம் போக பாக்கி ரூ. 30-8-0 பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தது. மேலே தேதி: வெகுதானிய வருஷம் ஆவணி மாதம். ஆங்கில ஆண்டு எங்கும் இல்லை.

தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். வெகுதானிய என்பது 1878-79, 1938-39, 1998-99 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். பஞ்சாங்கத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு அதையே எழுதிவிடாதீர்கள். ரசீதுக்குள்ளேயே இருக்கும் வேறு அடையாளங்களை வைத்து மற்ற இரண்டையும் தள்ள வேண்டும்.

45-8-0 என்பது ரூபாய், அணா, பை கணக்கு. தசம நாணயம் வந்த பிறகு அப்படி எழுதுவது ஓய்ந்துவிட்டது. ஆகவே 1998 இல்லை. கையெழுத்துக்குக் கீழே ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ஓரணா ஸ்டாம்பு. அவர் அரசரானது 1936 டிசம்பரில். ஆகவே 1878-ம் இல்லை. மிஞ்சுவது 1938, ஆவணி என்பதால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள். 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி 20 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஓரணா ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். பாக்கித் தொகை 30 ரூபாய்க்கு மேல், ஸ்டாம்பும் ஓரணா. அதுவும் பொருந்துகிறது.

உங்கள் ரசீது இன்னும் பிற்பட்டதாக இருந்தால் வேறு அடையாளங்கள் உதவும். "சென்னை மாகாணம்", "சென்னை ராஜ்யம்", "தமிழ்நாடு" எனும் பெயர்களைப் பாருங்கள். தமிழ்நாடு என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாறியது 1969 ஜனவரியில். அச்சிட்ட தமிழில் ணை, லை, னை ஆகியவை கொம்பு வைத்த பழைய வடிவத்தில் இருந்தால், 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய அச்சுக்கட்டைகள் அதற்கப்புறமும் ஓடின. ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே காலத்தைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

வாங்குபவர் ரசீதைச் சோதிப்பார். ரூபாய் நோட்டுகளைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா டார்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இருட்டறையில் காகிதத்தின் மேல் அதை அடித்துப் பாருங்கள். இப்போதைய வெள்ளைத்தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிரும். அதில் கலந்திருக்கும் வெளுப்பூட்டி ரசாயனம்தான் காரணம். அது காகிதத் தொழிலில் பரவலானது 1950 வாக்கில். 1938 தேதி போட்ட ரசீது அப்படி ஒளிர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். எங்களுடையது மங்கிய பழுப்பாகவே இருந்தது. ஒளிராததால் மட்டும் பழையது என்று ஆகிவிடாது, பழைய நோட்டிலிருந்து வெற்றுத் தாளைக் கிழித்தும் எழுதலாம். இந்தச் சோதனையால் போலியை ஒதுக்கலாம், அசல் என்று நிரூபிக்க முடியாது.

ரசீதை லேமினேட் செய்யாதீர்கள். செய்துவிட்டால் தாளையும் மையையும் சோதிக்க வழியில்லை, பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம். மடிப்பில் கிழிந்திருந்தால் அப்படியே ஒரு பாலியெஸ்டர் உறைக்குள் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. ரசீதில் சொன்ன அளவு 2 அடிக்கு 1½ அடி. நான் முதலில் பிரேமோடு அளந்து 30 அங்குலத்துக்கு 24 என்று எழுதிக் கொடுத்தேன். பார்த்த ஒருவர், "ரசீதில் உள்ளது வேற படம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிரேமைக் கழற்றிப் பலகையை மட்டும் அளந்தபோது சரியாக 24 அங்குலத்துக்கு 18. எப்போதும் இரண்டு அளவையும் தனித்தனியே எழுதுங்கள். பிரேம் கழற்றும் வேலையை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள், மக்குப் பசை கொண்டு புடைப்பாகச் செய்த இடங்கள் அதிர்வில் உதிரும்.

4. போட்டோவில் இருப்பது இதே படம்தான் என்று காட்டுங்கள்

ரசீது ஒரு நவநீத கிருஷ்ணன் படம் வாங்கியதைத்தான் சொல்கிறது. தஞ்சாவூர்ப் படங்களில் நவநீத கிருஷ்ணன் எத்தனையோ உண்டு. உங்கள் கையில் இருப்பது அந்த ரசீதில் உள்ள படம்தானா? இந்தக் கேள்விக்குத்தான் குடும்ப போட்டோ பதில் சொல்லும்.

ஆல்பம் பார்க்கும்போது முன்னால் இருக்கும் மனிதர்களை விட்டுப் பின்சுவரைப் பாருங்கள். கொலு, ஆண்டு நிறைவு, நிச்சயதார்த்தம், சஷ்டியப்தபூர்த்தி ஆகிய படங்கள் பெரும்பாலும் கூடத்திலோ பூஜை அறையிலோ எடுக்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் அத்தை, சித்தப்பா, ஒன்றுவிட்ட உறவுகளின் ஆல்பங்களைக் கேளுங்கள். எங்களுக்கு வேண்டிய போட்டோ என் பெரியம்மாவிடம் இருந்தது. 1951-இல் அவருடைய ஆண்டு நிறைவுக்கு எடுத்தது. பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் தாத்தா கைப்பட எழுதிய தேதியும் இருந்தன. மடியில் குழந்தையோடு பாட்டி உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேலே சுவரில் படம், ஒரு கட்டை விரல் அளவுக்கு.

போட்டோவை மறுபடியும் போட்டோ எடுக்காமல் ஸ்கேனரில் வைத்து 1200 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். செல்போனில் எடுத்தால் பளபளப்பு விழும், நுணுக்கம் போய்விடும். அப்புறம் கணினியில் பெரிதாக்கி, இப்போதைய படத்தின் போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் போட்டோ இடவலமாக மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடித்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். சட்டைப் பை இடது பக்கம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நிறத்தை ஒப்பிடாதீர்கள். கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வரலாம், பழைய பிலிம் சிலவற்றில் சிவப்பு கறுப்பாகவே விழும். வடிவத்தையும் சேதத்தையும் ஒப்பிடுங்கள். அதிலும் சேதம்தான் சிறந்தது. ஒரே கையால் எழுதிய இரண்டு படங்கள் ஒன்றுபோல் இருக்கலாம், இரண்டிலும் ஒரே இடத்தில் கல் விழுந்திருக்காது.

எங்கள் படத்தின் வளைவில் இடப்பக்கம் கீழிருந்து நான்காவது கல் இல்லை. கல் இருந்த குழி மட்டும் தங்க ரேக்குக்கு நடுவே வட்டமாகத் தெரியும். 1951 போட்டோவைப் பெரிதாக்கியபோது, வளைவில் மற்றக் கல்லெல்லாம் பிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளியாக மின்ன, இடப்பக்கம் நான்காவது இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு. நான் அந்தப் பொட்டை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். கூடவே கிருஷ்ணனின் வலது முழங்காலுக்குக் கீழே பலகை இணைப்பில் ஓடும் மெல்லிய வெடிப்பும் இரண்டிலும் ஒரே வளைவில் இருந்தது.

வீட்டை விற்கும் முன்பே அந்தக் கல்லைப் பதித்து ரேக்கும் புதுப்பித்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், நானும் சரி என்று முன்பணம் வரைக்கும் பேசிவிட்டேன். செய்திருந்தால் இந்தச் சான்று அழிந்திருக்கும். ஒப்பிட்டு முடிக்கும் வரை எந்தப் பழுதும் பார்க்காதீர்கள். உதிர்வதை நிறுத்துவது வேறு, அழகுபடுத்துவது வேறு.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. போட்டோவில் படத்தைச் சுற்றி இருந்தது மெல்லிய கறுப்பு பிரேம், இப்போது இருப்பது அகலமான தேக்கு பிரேம். வாங்க வந்தவர் உடனே அதைக் கேட்டார். இரண்டாவது படியில் சொன்ன நயா பைசா குறிப்பு இங்கேதான் கைகொடுத்தது. 1951-இல் வேறு பிரேமில் இருந்த படத்துக்கு 1957க்குப் பிறகு புது பிரேம் போட்டிருக்கிறார்கள். போட்டோவும் லேபிளும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. லேபிளை யாராவது துடைத்திருந்தால், அந்த பிரேம் வித்தியாசமே படம் வேறு என்பதற்கு ஆதாரமாகியிருக்கும்.

5. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதுங்கள்

ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதினால் போதும். எந்த ஆண்டு, யார் கையில், எந்த ஊரில், அதற்கு என்ன சான்று. எங்களுடையது இப்படி இருந்தது: 1938, தாத்தா தஞ்சாவூரில் சொல்லிச் செய்தது, சான்று ரசீது. 1951, திருச்சி வீடு, சான்று போட்டோ. 1957க்குப் பிறகு பிரேம் மாற்றம், சான்று லேபிள். 1983, தாத்தா மறைவு, பாட்டி கையில், சான்று வாய்மொழி மட்டும். அதன் பிறகு அம்மா, பெரியம்மா, நான்.

வாய்மொழி என்றால் வாய்மொழி என்றே எழுதுங்கள். தெரியாத இடத்தை இட்டு நிரப்பாதீர்கள். ஒரு தேதி பொய் என்று தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். பெரியம்மாவிடம் நான் இரண்டு மணி நேரம் பேசினேன். "உத்தரத்துக்குக் கீழே மாட்டியிருந்தது, வெள்ளிக்கிழமைதோறும் அம்மா பூ வைப்பாள், பழைய பிரேமைக் கரையான் அரிச்சதுன்னுதான் மாத்தினா" என்றார். அதை அவர் சொற்களிலேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரமாகச் செய்தோம். முத்திரைத்தாள் தொகை அவ்வப்போது மாறுவதால் நோட்டரியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பிரேம் மாறியதற்கு அவர் சொன்ன காரணம் பின்னால் ஒரு கூடுதல் பலமாக அமைந்தது.

வாரிசுகள் பலர் இருந்தால் எல்லோரும் விற்கச் சம்மதிக்கிறோம் என்று எழுதி வாங்காமல் விற்பனைப் பேச்சைத் தொடங்காதீர்கள். நல்ல சேகரிப்பாளர் முதலில் கேட்பது இதைத்தான்.

தேடும்போது உங்களுக்குப் பாதகமான சான்றும் கிடைக்கலாம். படத்தின் அடியிலோ பின்னாலோ "இன்னார் உபயம்" என்று ஒரு மடத்தின் அல்லது கோயிலின் பெயரோடு இருந்தாலோ, பழைய போட்டோவில் அது பஜனை மடத்துச் சுவரில் தொங்கினாலோ, அது உங்கள் குடும்பச் சொத்தாக இல்லாமலிருக்கலாம். அதை மறைத்து விற்றால் பிற்பாடு பெரிய வம்பு. ஸ்ரீபுரந்தான் நடராஜர் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலியத் தேசிய கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. கூடவே வந்த காகிதங்கள் போலியானவை. அந்தச் சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தன. சிலை 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. அதிலிருந்து விவரம் தெரிந்தவர்கள் காகிதத்தை மட்டும் பார்த்து எதையும் வாங்குவதில்லை.

6. நூறு வயதுக் கணக்கை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத ஓவியம் தொல்பொருள். அப்படியானால் அதைப் பதிவு அலுவலரிடம் போட்டோக்களுடன் விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றினால் தெரிவிக்க வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறு ஆண்டு ஆகாதது என்றால் இந்தப் பதிவு வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோக மட்டும் இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்க வேண்டியிருக்கும்.

"இருநூறு வருஷத்துப் படம்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே எதிராக வேலை செய்திருக்கிறது. அப்படிச் சொன்னதும் வாங்க வருபவருக்கு இரண்டு பயம் வருகிறது. உண்மையாக இருந்தால் பதிவு இல்லாத தொல்பொருள், பொய்யாக இருந்தால் எத்தனை வயது என்றே தெரியாத பொருள். இரண்டுக்கும் சேர்த்து விலையைக் குறைக்கிறார். "புதிதாக எழுதிக் கொடுத்த" என்று ரசீதில் இருந்த மூன்று சொற்கள் அந்தப் பயத்தைப் போக்கின. 1938-இல் செய்தது, நூறு வயது ஆகவில்லை, செய்தவர் ஊர் தெரியும், அளவு தெரியும், வாங்கிய குடும்பம் தெரியும். வயது குறைந்தபோது விலை ஏறியதற்குக் காரணம் இதுதான். பாட்டி சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது. அவருக்கு நினைவு தெரிந்த நாள் முதல் பூஜையில் இருந்த படம், இருநூறு வருஷமாகத் தோன்றியிருக்கிறது.

ரசீதில் வெறுமனே "படம் 1" என்று மட்டும் இருந்தால், அது வாங்கிய ஆண்டைத்தான் காட்டும், செய்த ஆண்டை அல்ல. அப்போது படம் அதற்கும் பழையதாக இருக்கலாம். பலகை, துணி, ரேக்கு இவற்றைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் கருத்து வாங்காமல் மேலே போகாதீர்கள்.

7. கோப்பு, செலவு, காலம்

கோப்பில் முதல் பக்கம் கைமாறிய வரிசை. அடுத்து படத்தின் முன், பின், பக்கவாட்டுப் போட்டோக்கள், பிரேமோடும் பிரேம் இல்லாமலும் அளவுகள். பிறகு ரசீதின் நகலும், எப்படித் தேதி கண்டோம் என்று அரைப் பக்க விளக்கமும். அப்புறம் 1951 போட்டோ, கல் விழுந்த இடத்தையும் வெடிப்பையும் வட்டமிட்டு, பக்கத்தில் இப்போதைய படம். கடைசியில் பெரியம்மாவின் உறுதிமொழி, வாரிசுகளின் சம்மதம். எல்லாம் சேர்ந்து பதினான்கு பக்கம்தான். அசல்களில் எதிலும் வட்டமோ குறிப்போ போடாதீர்கள். போட்டோவின் பின்னால் பெயர் எழுதியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய பென்சிலில் ஓரமாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தழும்பாக வந்துவிடும்.

எனக்கு ஆன செலவு சுமார் 11,000 ரூபாய். அதில் பெரிய பகுதி மதிப்பீட்டாளர் கட்டணமும் பிரேம் கழற்றி மாட்டிய கூலியும்தான். ஸ்கேன், பிரிண்ட், நோட்டரி எல்லாம் கொஞ்சம். காகிதம் தேட மூன்று வாரம், உறவினர் ஆல்பங்கள் வந்து சேர இரண்டு மாதம், மற்றது ஒரு மாதம். மீதி நாள் நான் தவறான வரிசையில் செய்ததால் போனது. சிறிய பொருளுக்கு இவ்வளவு செலவு தகாது. முதலில் காகிதமும் போட்டோவும் கிடைக்கின்றனவா பாருங்கள், கிடைத்த பிறகு மதிப்பீட்டாளருக்குப் பணம் கொடுங்கள்.

பலரைப் பார்க்க அழைக்கும்போது நகலை மட்டும் கொடுங்கள். ஒருவர் அசல் ரசீதை "காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று கேட்டார், நான் கொடுக்கவில்லை. படம் இல்லாமல் வெளியே போகும் அசல் ரசீதை வேறொரு நவநீத கிருஷ்ணனோடு சேர்த்து விற்றுவிட முடியும்.

வருமான வரியையும் மறக்காதீர்கள். வீட்டுச் சாமான் விற்றால் வரி இல்லை என்று நினைப்போம், ஆனால் ஓவியத்துக்கு அந்த விலக்கு கிடையாது. லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. 2001 ஏப்ரல் 1க்கு முன்பிருந்தே குடும்பத்தில் இருக்கும் பொருளுக்கு அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தேதிக்கு முன்பே அது உங்களிடம் இருந்ததைக் காட்டவும் இதே கோப்புதான் உதவும். மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதி மதிப்பையும் சேர்த்துக் கேட்டு வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள்.

விற்பனை முடிந்த அன்று அசல் ரசீதையும் கோப்பையும் படத்தோடு கொடுத்துவிட்டேன். 1951 போட்டோ பெரியம்மாவுடையது என்பதால் நல்ல பிரிண்டும் டிஃப் கோப்பும் மட்டும் கொடுத்தோம். அப்புறம் நானே ஒரு ரசீது எழுதினேன். தேதி, தொகை, வாங்குபவர் பெயர், பலகையின் அளவு 24 அங்குலத்துக்கு 18, வளைவில் இடப்பக்கம் கீழிருந்து நான்காவது கல் இல்லை, வலது முழங்காலுக்குக் கீழே வெடிப்பு, பிரேமின் பின்னால் திருச்சிக் கடை லேபிள். வாங்கியவர் படித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கல்லைத் தானும் பதிக்கப் போவதில்லை என்றார்.